ஆர்சி புக்கின் மேல் கடன்: வண்டியும் ஓட வேண்டும், வட்டியும் தெரிய வேண்டும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வண்டி என்பது பலருக்குப் பிழைப்பு. மல்லாட்டை மூட்டை, சவுக்குக் கட்டை, ஜல்லி, காய்கறி என்று ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொண்டு தினமும் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். திடீரென்று ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் தேவைப்படும்போது வண்டியை விற்றால் வருமானமும் அதோடு போய்விடும். விற்காமல், வண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதன் ஆர்சி புக்கின் மேல் பணம் வாங்குவதுதான் இந்த அத்தியாயத்தில் பேசப்போகும் கடன். இதன் உண்மையான விலை என்ன, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக் கூடாது, கடன் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எதை அடமானம் வைக்கிறீர்கள்

பணம் கொடுப்பவர் ஆர்சி புக்கை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வதால் மட்டும் அவருக்கு வண்டியின் மேல் உரிமை வந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 51-வது பிரிவு இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. வண்டி பதிவாகியிருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 34 கொடுத்து, இன்ன நிறுவனத்துக்கு இந்த வண்டி அடமானம் என்று பதிவு செய்ய வேண்டும். இதைத்தான் ‘எச்.பி. போடுவது’ என்கிறோம். அன்றிலிருந்து ஆர்சியிலும் அரசின் வாகன் கணினிப் பதிவிலும் கடன் கொடுத்தவர் பெயர் தெரியும். அவர் சம்மதம் இல்லாமல் வண்டியை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. ஆனால் உரிமையாளர் நீங்கள்தான். ஓட்டுவதும் வாடகைக்கு விடுவதும் உங்கள் உரிமை.

எச்.பி. போட மத்திய அரசின் விதிப்படி இரு சக்கர வண்டிக்கு 500 ரூபாய், கார், ஆட்டோ, குட்டி யானை போன்ற இலகு ரக வண்டிகளுக்கு 1,500 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 3,000 ரூபாய் கட்டணம். புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டியாக இருந்தால் புதுச்சேரி அலுவலகத்தில்தான் எச்.பி. ஏறும். கடன் கொடுப்பவர் கடை திண்டிவனத்தில் இருப்பதால் இது மாறாது.

அசல் ஆர்சி அவர்களிடம் இருந்தால் வழியில் போலீஸ் கேட்கும்போது என்ன செய்வது என்ற பயம் பலருக்கு உண்டு. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் தெரியும் ஆர்சி சட்டப்படி செல்லும். 2018-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் அசல் புத்தகம் கையில் இல்லாததால் வண்டி நிற்காது. உண்மையான ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று வட்டிக் கணக்கு. மற்றொன்று, ஆர்சியோடு சேர்த்து வாங்கப்படும் வெற்றுக் கையெழுத்துகள்.

ஒன்றேகால் ரூபாய் வட்டி மூன்று ரூபாய் ஆவது எப்படி

நம் ஊரில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிளியனூரில் ஒருவரிடம் பழைய குட்டி யானை இருக்கிறது. மதிப்பீட்டாளர் அதற்கு 3,00,000 ரூபாய் போடுகிறார். பைனான்ஸ் நிறுவனம் அதில் பாதி, 1,50,000 ரூபாய் தர ஒப்புக்கொள்கிறது. ‘வட்டி வருடத்துக்கு 14 சதவீதம்தான், 24 மாதத் தவணை’ என்கிறார்கள். மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய்கூட இல்லை. கேட்பவருக்கு இது மலிவாகத்தான் தோன்றும்.

ஆனால் அது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. முதல் நாள் அசலான 1,50,000-க்கே இரண்டு வருடமும் வட்டி போடுவார்கள். 14 சதவீதப்படி இரண்டு வருட வட்டி 42,000 ரூபாய். அசலோடு சேர்த்து 1,92,000. இதை 24-ஆல் வகுத்தால் தவணை சரியாக 8,000 ரூபாய். நீங்கள் மாதாமாதம் அசலையும் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதங்களில் உங்கள் கையில் அவர்களுடைய பணம் கொஞ்சம்தான் இருக்கும், வட்டியோ முழு ஒன்றரை லட்சத்துக்கும் போகும். மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இதே கடனின் வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 25 சதவீதம்.

இதோடு முடிவதில்லை. பணம் கைக்கு வரும் முன்பே சில பிடித்தங்கள் இருக்கும். பிராசசிங் கட்டணம் 3 சதவீதம் என்றால் 4,500, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 810, ஆவணச் செலவும் முத்திரைத்தாளும் 1,190, எச்.பி. கட்டணம் 1,500, கடனுக்கான காப்பீடு 4,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12,000 ரூபாய். அவருடைய வங்கிக் கணக்கில் வந்து விழுவது 1,38,000. தவணையோ ஒன்றரை லட்சத்துக்கான 8,000-தான். கையில் வந்த பணத்தை வைத்துக் கணக்கிட்டால் வட்டி வருடத்துக்கு சுமார் 34 சதவீதம் ஆகிறது. ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்று ரூபாய் வட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒன்றேகால் என்று நினைத்து வாங்கிய கடனின் உண்மை விலை இதுதான். பிடித்தத் தொகைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் புதிய கடன்களுக்கு, ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் வங்கிகளும் பைனான்ஸ் நிறுவனங்களும் ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளை, உங்களுக்குப் புரியும் மொழியில், கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். எல்லாப் பிடித்தங்களையும் சேர்த்துக் கிடைக்கும் உண்மையான வருட வட்டி அது. மேலே சொன்ன கடனுக்கு அந்த இடத்தில் 14 என்று இருக்காது, 34-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தத் தாளில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் பிறகு உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. தாளைக் கொடுத்த பிறகு முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. அதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இரண்டு நிறுவனங்களின் தாளை வாங்கி, ஏ.பி.ஆர். என்ற ஒரே வரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடனின் வட்டியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டிக் கடன் எடுக்க வேண்டுமா என்பதே பல நேரம் அங்கே முடிவாகிவிடும்.

இன்னொரு ஏற்பாடும் ஊரில் உண்டு. மாதம் வட்டி மட்டும் கட்டு, அசலை ஆறு மாதத்தில் மொத்தமாகக் கொடு என்பார்கள். மாதச் சுமை குறைவாகத் தெரியும், ஆனால் ஆறாம் மாதம் ஒன்றரை லட்சம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவிலும் வண்டிப் பத்திரத்தின் மேல் கடன் தரும் தொழில் பெரிது. அங்கே மொத்தமாக ஒரே தவணையில் திருப்ப வேண்டிய கடன் வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் வண்டியைப் பறிகொடுத்தார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் கண்டறிந்தது. மாதாமாதம் அசலும் குறையும் தவணையே வண்டி வைத்திருப்பவருக்கு ஏற்றது.

கையெழுத்து போடும் நாள்

முதலில், பணம் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். வங்கியா, ரிசர்வ் வங்கியில் பதிவான பைனான்ஸ் நிறுவனமா, வட்டாட்சியரிடம் உரிமம் பெற்ற வட்டிக்கடையா, இவை எதுவும் இல்லாத தனி ஆளா? பைனான்ஸ் நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் பதிவுச் சான்றைக் கேட்கலாம், ரிசர்வ் வங்கியின் இணையதளப் பட்டியலிலும் பெயரைத் தேடலாம். இந்த வேறுபாடு பின்னால் மிகவும் உதவும். பதிவான நிறுவனத்தின் மேல் புகார் சொல்ல மேலிடம் உண்டு. தனி ஆளிடம் வாங்கியவர் போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும்தான் போக வேண்டியிருக்கும். நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி வாங்குவது தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எச்.பி. போட்டுக் கடன் கொடுப்பவர் கேட்கும் காகிதங்களில் படிவம் 34, கடன் ஒப்பந்தம், தவணைக்கான வங்கி அனுமதி ஆகியவை வழக்கமானவை. ஊர் பைனான்ஸ்களில் இவற்றோடு, அல்லது இவற்றுக்குப் பதிலாக, படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் எதையும் நிரப்பாமல் கையெழுத்து வாங்குவார்கள். இவை வண்டியை வேறொருவருக்கு விற்றுப் பெயர் மாற்றுவதற்கான படிவங்கள். கடனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வண்டியை யாருக்கு வேண்டுமானாலும், எந்தத் தேதியில் வேண்டுமானாலும் விற்றதாக எழுதும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

இதில் இன்னும் மோசமான ஒன்று உண்டு. தவணை தவறியதும் வண்டியை எடுத்துப்போனவர் பெயர் மாற்றாமலேயே வேறொருவருக்குத் தள்ளிவிடுவார். வாங்கியவர் இன்னொருவருக்குத் தள்ளுவார். ஆர்சியில் உங்கள் பெயர் அப்படியே நிற்கும். அந்த வண்டி எங்காவது ஒருவரை மோதிவிட்டால் நஷ்டஈடு யார் தலையில் விழும்? உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. 2007-ல் விற்கப்பட்டுப் பல கைகள் மாறிய ஒரு கார் 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்சியில் பெயர் மாறாததால், முதலில் விற்றவரே உரிமையாளர், அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. காப்பீடும் காலாவதியாகியிருந்தால் அந்தப் பணம் முழுவதும் சொந்தக் கையிலிருந்து போகும். வண்டியையும் இழந்து, அந்த வண்டி செய்த விபத்துக்கும் பணம் கட்டும் நிலை இது.

ஆகவே விதி எளிது. படிவம் 34-ல் எச்.பி. போடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். 29, 30-ல் கையெழுத்து வேண்டாம். தேதியும் தொகையும் எழுதாத காசோலை, நிரப்பாத புரோநோட்டு எதையும் கொடுக்காதீர்கள். காசோலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகையையும் தேதியையும் எழுதி, அதன் எண்ணை ஒப்பந்தத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகலை எல்லா இணைப்புகளோடும் கொடுக்க வேண்டும் என்பது பைனான்ஸ் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. நகலை வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

வண்டி ஓடும் காலத்தில்

தவணைத் தேதியை உங்கள் வருமானம் வரும் நாளுக்குப் பிறகு வையுங்கள். மாதத் தொடக்கத்தில் வாடகை வசூலாகிறது என்றால் 10-ம் தேதி போதும். தவணைப் பணம் கணக்கில் இல்லாமல் திரும்பினால் நிறுவனம் ஒரு கட்டணம் போடும், உங்கள் வங்கியும் தனியாக ஒன்று போடும். ஒரே தவறுக்கு இரண்டு அபராதம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் லோடு குறையும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலம் பகுதியில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. அப்படிப்பட்ட மாதத்திலும் தவணைத் தேதி வரும். எனவே கடன் வாங்கும்போதே இரண்டு தவணைப் பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்க முடிகிற அளவுக்கு மட்டும் கடன் எடுப்பது நல்லது.

காப்பீட்டையும் கவனியுங்கள். தேர்ட் பார்ட்டி காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டி மூழ்கினாலும் திருடுபோனாலும் ஒரு பைசா வராது, கடன் மட்டும் நிற்கும். முழுக் காப்பீடு எடுத்தால் பாலிசியில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் ஏறும். வண்டி முழுதாகச் சேதமானால் காப்பீட்டுப் பணம் முதலில் அவர்களுக்குப் போய், கடன் கழிந்த மீதிதான் உங்களுக்கு வரும். பாலிசியைப் புதுப்பிக்க மறந்தால் நிறுவனமே எடுத்து உங்கள் கணக்கில் ஏற்றிவிடலாம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

தவணை தவறினால்

முன்னே சொன்ன குட்டி யானைக்காரர் பத்துத் தவணை சரியாகக் கட்டியிருக்கிறார். 80,000 ரூபாய் போயிருக்கிறது. மீதி அசல் எவ்வளவு? 1,50,000-ல் பத்து மாதப் பங்கு போக 87,500 என்று அவர் நினைப்பார். நிறுவனத்தின் கணக்கில் சுமார் 96,300 இருக்கும். தொடக்க மாதத் தவணைகளில் வட்டியின் பங்குதான் அதிகம் என்பதால் வரும் வேறுபாடு இது. அந்த நேரத்தில் மொத்தமாகக் கட்டி முடிக்க நினைத்தால் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும், அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேரலாம். அந்தக் கட்டணம் எவ்வளவு சதவீதம் என்பதை முக்கிய விவர அறிக்கையில் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

அதன் பிறகு மூன்று தவணை தவறுகிறது. மூன்று மாத வட்டி ஏறி நிலுவை 1,02,000-ஐத் தாண்டும். காசோலை திரும்பிய கட்டணம், தாமத அபராதம், வண்டி எடுத்த செலவு, யார்டு வாடகை என்று சேர்ந்து 1,20,000-ஐத் தொட்டாலும் வியப்பில்லை. அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தடை செய்தது. புதிய கடன்களுக்கு அந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கணக்குத் தாளில் அப்படிச் சேர்த்திருந்தால் எழுதிக் கேளுங்கள்.

வண்டியை எடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் முறைப்படிதான். எத்தனை நாள் நோட்டீஸ், எப்படி எடுப்பது, விற்பதற்கு முன் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு, ஏலம் எப்படி என்று எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வசூலிக்கும் ஆள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் கண்டித்தது. சாலையில் மறித்தால் சண்டை வேண்டாம். அவர்களுடைய அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் 100-க்கு அழையுங்கள். முறைப்படி எடுத்தால் வண்டியில் உள்ள தார்ப்பாய், ஜாக்கி, ஸ்டெப்னி, சரக்கு, கிலோமீட்டர் அளவு எல்லாம் எழுதிய பட்டியலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலம் போனதும் கணக்குத் தாள் கேளுங்கள். 1,20,000 நிலுவைக்கு வண்டி 2,00,000-க்குப் போயிருந்தால் மீதி 80,000 உங்களுடையது. பலர் வண்டி போனதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள், அந்தப் பணம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மாறாக 1,00,000-க்குப் போயிருந்தால் மீதி 20,000 உங்கள் மேல் நிற்கும், சிபில் பதிவிலும் ஏறும். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்திலோ 14448 எண்ணிலோ முறையிடலாம். கட்டணம் கிடையாது.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்ததும் பலர் ஆர்சி புக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எச்.பி. அப்படியே நிற்கும். வருடங்கள் கழித்து வண்டியை விற்கப் போகும்போதுதான் அது தெரியும். அதற்குள் அந்த பைனான்ஸ் கடையை மூடியிருக்கலாம், வேறு நிறுவனத்தோடு சேர்ந்திருக்கலாம். அப்போது அலைச்சல் பெரிது.

எனவே கடைசித் தவணை கட்டிய வாரத்திலேயே நான்கு பொருள்களை வாங்குங்கள்: பாக்கி இல்லை என்ற கடிதம், நிறுவனத்தின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள படிவம் 35, அசல் ஆர்சி, கொடுத்து வைத்த காசோலைகளும் இரண்டாவது சாவியும். நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றில் பெரும்பாலும் ஒரு கெடு தேதி இருக்கும். அதற்குள் படிவம் 35-ல் நீங்களும் கையெழுத்துப் போட்டு, வண்டி பதிவான திண்டிவனம், விழுப்புரம் அல்லது புதுச்சேரி அலுவலகத்தில் எச்.பி. நீக்கத்துக்கு விண்ணப்பியுங்கள். parivahan.gov.in தளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பிறகு எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் கொடுத்தவர் பெயர் அங்கே இல்லையென்றால்தான் வண்டி முழுவதும் உங்களுடையது. காப்பீட்டு அலுவலகத்திலும் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.